ரெட் ஆக்சைடு பூசும் முன்

சென்னையில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் ஆறு தூண் நிறுத்தி, 6 மீட்டருக்கு 4.5 மீட்டர் அளவில் தகரக் கூரை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தகரமும் இரும்பும் சேர்ந்தே அரை டன்னைத் தாண்டாது. ஆனால் ஐஎஸ் 875 தரநிலை சென்னைக்குச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம் உண்டாகிறது. 27 சதுர மீட்டர் கூரையையும் அது மேல்நோக்கி இழுத்தால் 4 டன். இணைப்புகள் கூரையைத் தாங்கத்தான் இருக்கின்றன என்று நினைக்கிறோம். புயல் நாளில் அவை கூரையைக் கீழே பிடித்து வைத்தாக வேண்டும்.

பிடித்து வைக்கும் இடங்களில் ஒன்றைப் பார்ப்போம். தூணின் தலைத் தகட்டின் மேல் 8 மி.மீ. தடிமனில், 100 மி.மீ. நீளத்தில் ஒரு கிளீட் செங்குத்தாக நிற்கிறது. அது தகட்டோடு வெல்டிங்கில் ஒட்டியிருக்கிறது. ராஃப்டர் அந்தக் கிளீட்டோடு இரண்டு 16 மி.மீ. போல்ட்டால் இணைகிறது. போல்ட் தலையில் 4.6 என்று பொறித்திருந்தால், ஐஎஸ் 800 கணக்குப்படி இரண்டும் சேர்ந்து சுமார் 6 டன் தாங்கும். ஒரு தூணுக்குச் சராசரியாக வரும் இழுப்பு முக்கால் டன்னுக்கும் குறைவுதான். போல்ட்டின் பலம் போதாமல் போகும் இடம் இது அல்ல.

கவலை வெல்டிங்கில்தான். கிளீட்டின் இரு பக்கமும் 5 மி.மீ. அளவில் முழு நீளத்துக்கும் அடித்திருந்தால், சைட்டில் அடித்த வெல்டு என்று குறைத்துக் கணக்கிட்டாலும் சுமார் 10 டன் வரும். பற்றவைத்த முக்கோணத்தின் உள்மூலையிலிருந்து வெளிமுகம் வரையுள்ள மிகக் குறுகிய தூரம்தான் பலம் தருகிறது. அது பக்க அளவில் பத்தில் ஏழு பங்கு. கிளீட்டை நிறுத்திப் பிடிக்க இங்கொன்றும் அங்கொன்றுமாக 15 மி.மீ. டாக் வைப்பார்கள். “அப்புறம் முழுசா அடிச்சிடலாம் சார்” என்பார்கள். வேலை முடியும் அவசரத்தில் சில கிளீட்டுகள் அப்படியே நின்றுவிடும். வெல்டின் இரு முனைகளும் முழுப் பலம் பெறாததால், இரு முனையிலும் 5 மி.மீ. கழித்துவிட வேண்டும். மிஞ்சுவது 5 மி.மீ. பயனுள்ள நீளம் வெல்டு அளவைப்போல் நான்கு மடங்காவது இருக்க வேண்டும் என்கிறது தரநிலை. ஆகவே அந்த டாக் கணக்கில் சேராது. ஒரு பக்கம் மட்டும் அடித்ததும் மோசம்தான்: காற்று மறுபக்கம் தள்ளும்போது கிளீட் அடிமூலையிலிருந்து திறந்துகொள்ளும்.

இவற்றைக் கண்டுபிடிக்க, ரெட் ஆக்சைடு பூசும் முன்பே போய்விட வேண்டும். பெயின்ட் அடித்தபின் நல்ல வெல்டும் கெட்ட வெல்டும் ஒரே நிறம். ஸ்லாக்கைச் சுத்தியலால் தட்டி எடுக்கச் சொல்லுங்கள். கிளீட்டின் இரு பக்கமும், அடியில் ஒளிந்திருக்கும் பக்கம் உட்பட, விரலால் தடவிப் பாருங்கள். வெல்டின் ஓரத்தில் இரும்பு அரிக்கப்பட்டுக் குழி போல இருந்தால், அங்கே தகடே மெலிந்துவிட்டது. மேலே சிறு துளைகள் கூட்டமாகத் தெரிந்தால் ஈரமான ராடோ துருவோ காரணமாக இருக்கலாம். கூரான மயிரிழை போன்ற கோடு தெரிந்தால் அது விரிசலா என்று சோதிக்க, சிவப்புச் சாயமும் வெள்ளைப் பொடியும் கொண்ட ஸ்ப்ரே சோதனை போதும். ஆனால் மேற்பரப்பு வரை வராத குறையை அது காட்டாது. விரிசல் உறுதியானால் மேலே இன்னொரு கோட்டு ஓட்டக் கூடாது. கிரைண்டரால் அகற்றிவிட்டு மறுபடி அடிக்க வேண்டும்.

போல்ட்டில் பார்க்க வேண்டியது துளை. 16 மி.மீ. போல்ட்டுக்கு 18 மி.மீ. துளை போதும். துளை பொருந்தவில்லை என்று கேஸ் கட்டிங்கில் பெரிதாக்கியிருந்தால் விளிம்பே கிழியும் அளவுக்கு ஓரம் குறைந்திருக்கும். இயந்திரத்தில் அறுத்த தகட்டில் துளையின் மையத்திலிருந்து விளிம்புக்கு 27 மி.மீ.யாவது வேண்டும். இரண்டு தகடுகளுக்கு இடையே வெளிச்சம் தெரியக் கூடாது. சாதாரண ஸ்பேனரால் ஒருவர் முழு பலத்தோடு முறுக்கினால் போதும். நட்டுக்கு வெளியே மறை சற்று நீண்டிருக்கட்டும்.

கடைசியாக, தூணின் அடி. சென்னையின் பழைய மொட்டைமாடிகளில் கான்கிரீட்டின் மேல் செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளமும் தட்டோடும் இருக்கும். ஆங்கர் போல்ட் அந்த அடுக்கோடு நின்றுவிட்டால், மேலே எவ்வளவு நல்ல வெல்டு இருந்தாலும் இழுப்பு வந்ததும் ஜல்லியோடு பெயர்ந்து வந்துவிடும். டிரில் போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். முதலில் செங்கல் நிறத் தூள் வரும். பிறகு சாம்பல் தூள். ஆங்கரின் ஆழத்தைச் சாம்பல் தூள் தொடங்கிய இடத்திலிருந்துதான் அளக்க வேண்டும். துளையிலுள்ள தூளை ஊதி எடுத்தபின் ஆங்கரைப் பொருத்தச் சொல்லுங்கள். கான்கிரீட்டின் தடிமன் தெரியாவிட்டால் டிரில்லைத் தொடங்கும் முன்பே பொறியாளரைக் கேட்டுவிடுங்கள்.