ஓரறைக்கு இருவர் போட்டி

கணிப்பொறியின் பெரிய நினைவகம் மெதுவானது. ஆகவே அடிக்கடி வேண்டியவற்றைக் கேஷ் என்னும் சிறு நினைவகத்தில் வைத்துக்கொள்கிறோம். 1965இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் விளக்கிய முறையில் ஒவ்வொரு முகவரிக்கும் அதில் ஒரே அறைதான்.

கேஷில் நான்கு அறைகள், முகவரியில் நான்கு பிட்டுகள் என்று கொள்வோம். கடைசி இரண்டு பிட்டுகள் அறையைச் சொல்லும். முதல் இரண்டும் அங்கிருப்பது யார் என்னும் அடையாளம். 2 என்பது 00|10. 6 என்பது 01|10. இரண்டுக்கும் அறை 10 அன்றோ! 2, 6, 2, 6 என்று எட்டு முறை கேட்டால், ஒன்று நுழைய மற்றது வெளியேறும். மூன்று அறைகள் காலியாக இருந்தும் எட்டு முறையும் பெரிய நினைவகத்துக்கே போகவேண்டும்.

அதே அறைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து இரு தொகுதிகளாக்குவோம். இப்போது கடைசி ஒரு பிட் தொகுதியைச் சொல்லும். மற்ற மூன்றும் அடையாளம்: 001|0, 011|0. இருவரும் தொகுதி 0இல் அடுத்தடுத்துத் தங்கலாம். முதல் இரண்டு முறைதான் தவறும். மற்ற ஆறும் கேஷிலேயே கிட்டும்.

இதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு முறையும் இரண்டு அடையாளங்களை ஒருங்கே ஒப்பிடவேண்டும். மேலும் 10 (101|0) என்பதும் சேர்ந்து 2, 6, 10 என்று சுழன்றால், நெடுநேரம் தொடாததை வெளியேற்றும் வழக்கப்படி, இங்கும் எல்லாமே தவறும்.