தெரிந்தவர்களைத் தாளில் வரைந்து பார்ப்பது எப்படி?

சிங்கப்பூரில் வேலை மாறியவர்கள் யார் தயவில் மாறினார்கள்? 1994இல் இங்கே எடுத்த ஒரு கணக்கெடுப்பை வைத்து யான்ஜி பியன், சூன் ஆங் என்ற ஆய்வாளர்கள் 1997இல் எழுதினார்கள். உதவிய மனிதரை நேரடியாகத் தெரியாதவர்களுக்கு, பெரும்பாலும் இருவருக்கும் நன்றாகப் பழக்கமான ஒருவர் இடையில் இருந்தார். அப்படி ஒருவர் மூலமாகப் போனவர்களுக்கு நல்ல வேலை அமையும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது.

உங்களுக்கு அந்த இடையாள் யார்? மனத்துக்குள் தேடினால் தினமும் பார்க்கிற முகங்கள்தான் முதலில் வரும். அதனால்தான் தாள்.

யார் யாரை எழுதுவது? கைப்பேசியில் இருக்கிற எல்லாரையும் வேண்டாம். கடந்த ஓராண்டில் நீங்களாக அழைத்துப் பேசியவர்கள் அல்லது அழைத்தால் தயங்காமல் எடுப்பவர்கள் மட்டும் போதும். 25 பேரோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் கோடுகள் சிக்கிக்கொள்ளும். மாதக் காலண்டரின் பின்பக்கம் தாராளமாகப் போதும். பேனா வேண்டாம், பென்சில்.

உங்கள் பெயரை எங்கே போடுவது? எங்கேயும் போடாதீர்கள். எல்லாருக்கும் உங்களோடு தொடர்பு உண்டு என்பது தெரிந்த விஷயம். உங்களை நடுவில் வைத்தால் எல்லாக் கோடும் உங்களிடமே வந்து, படம் சூரியனைப் போல ஆகிவிடும். மற்றவர்களுக்குள் யார் யாரோடு சேர்ந்திருக்கிறார்கள் என்பது மறைந்துபோகும்.

கோடு எப்போது போடுவது? நீங்கள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் இருவரும் நின்று பேசிக்கொள்வார்களா? ஆம் என்றால் கோடு. சந்தேகம் என்றால் புள்ளிக்கோடு.

பஃபலோ ரோட்டில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கு எழுதுகிறவர், சரக்குப் போக்குவரத்து நிறுவனத்துக்கு மாற விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 24 பெயர் எழுதுகிறார். கடைக்காரர்கள், கோயில் தொண்டூழியர்கள், உறவினர்கள் என்று 13 பேர். பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவர்கள் நான்கு பேர், தேசியச் சேவை நண்பர்கள் நான்கு பேர், வீவக அடுக்குமாடியில் அண்டை வீட்டார் இருவர். கடைசியாக, பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்திலிருந்து வெங்காயம் கொண்டுவரும் லாரிக்காரர்.

அந்த 13 பேருக்குள் அதிகபட்சம் 78 கோடுகள் போடலாம் (13ஐ 12ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் வரும் எண்). அவர் போட்டதே 60ஐத் தாண்டிவிட்டது. இதுதான் கொத்து (அநேகமாக எல்லாரும் எல்லாரையும் அறிந்த கூட்டம்). அவசரத்துக்குப் பணம் புரட்ட, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அங்கே ஒருவருக்குத் தெரிந்த வேலைச் செய்திதான் மற்ற 12 பேருக்கும் தெரியும். 13 பேரிடம் கேட்டாலும் ஒருவரிடம் கேட்ட பலன்தான்.

இடைவெளி எங்கே? தேசியச் சேவை நண்பர்கள் நால்வரும் தாளின் ஓரத்தில் தனியாக நிற்கிறார்கள். அவர்களிடமிருந்து கொத்துக்கு ஒரு கோடுகூட இல்லை. சீனர், மலாய்க்காரர் வட்டங்களுக்குள் கணக்கு எழுதுகிறவருக்கு இருக்கும் சொந்த வாசல் இந்த நால்வர்தான். அந்தப் பழக்கம் ஆண்டுக்கு ஒரு வாழ்த்துச் செய்தியோடு நின்றுபோயிருக்கிறது. லிட்டில் இந்தியாவிலேயே வேலை, கோயில், சாப்பாடு எல்லாம் முடிந்துவிடுகிறவர்கள் பலருடைய தாளிலும் இந்த மூலை இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பாலம் (இரண்டு வட்டங்களைச் சேர்க்கும் ஆள்) யார்? ஒவ்வொரு பெயரையும் கட்டைவிரலால் மூடிப் பாருங்கள். கோயில் பெரியவரை மூடினால் எதுவும் அறுபடாது. அவருக்குத் தெரிந்தவர்களை வேறு ஐந்து பேருக்கும் தெரியும். லாரிக்காரரை மூடினால்? தாளில் அவருக்கு இருப்பது கடைக்காரர்களோடு மூன்று கோடுகள்தான். ஆனால் தீவு முழுக்கச் சரக்கு இறக்குகிறவர், கிடங்குகளில் சரக்கை வாங்கி வைப்பவர்களோடு தினமும் பேசுகிறவர். தாளுக்கு வெளியே போகிற கோடுகள் அவரிடம்தான் அதிகம். அத்தகைய பெயர்களுக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டு, எந்த வட்டத்துக்குப் போகிறது என்று எழுதிவையுங்கள்.

லாரிக்காரரிடம் என்ன கேட்பது? வேலை கேட்காதீர்கள், அது அவர் கையில் இல்லை. “அண்ணே, கிடங்கு ஆபீசில் உங்களுக்கு நல்லா பழக்கமானவங்க யாரு? பத்து நிமிஷம் பேசணும்” என்று கேளுங்கள். ‘நல்லா பழக்கம்’ என்பதில் கறாராக இருங்கள். முகம் மட்டும் தெரிந்த ஒருவரிடம் அவர் சொல்லும் சிபாரிசு எடுபடாது. லாரிக்காரரிடமே உங்கள் பழக்கம் மேலோட்டமானது என்றால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ஒரே பாலத்தை நம்பலாமா? கூடாது. வங்கியாளர்களை ஆராய்ந்த ரொனால்ட் பர்ட், இப்படிப்பட்ட தொடர்புகள் பத்தில் ஒன்பது அடுத்த ஆண்டே இல்லாமல் போனதாக 2002இல் எழுதினார். லாரிக்காரருக்கு வேறு தடம் கொடுத்துவிட்டால் அந்த வழி அடைபடும். அதனால் இந்த வாரமே ஓரத்தில் நிற்கும் அந்த நால்வரில் ஒருவரை அழைத்துப் பேசுங்கள். அடுத்த ஆண்டு வேறு தாளில் புதிதாக வரையுங்கள். பழையதைக் கடை மேசையில் போட்டுவைக்காதீர்கள். அதில் மற்றவர்கள் பெயர் இருக்கிறது.