ஒரு முகவரி, பல வாசல்கள்

இணையத்தில் ஒரு முகவரி என்பது ஓர் இடத்தில் இருக்கும் ஒரு கணினியைக் குறிக்கும் என்று இத்தொடரின் தொடக்க அத்தியாயங்களில் சொல்லப்பட்டது பொதுவாகச் சரியே என்றாலும், அந்த விதிக்குத் தெரிந்தே செய்யப்பட்ட ஒரு மீறல் உண்டு. ஒரே முகவரியை உலகின் பல ஊர்களிலிருந்து ஒரே நேரத்தில் அறிவித்து, கேட்பவர் எங்கிருந்து கேட்கிறாரோ அதற்கேற்ப வெவ்வேறு கணினிகள் பதிலளிக்கும்படி செய்யும் இந்த முறைக்கு எனிகாஸ்ட் என்று பெயர். 1993-ஆம் ஆண்டிலேயே இணையத் தரநிலை ஆவணமொன்றில் இந்தக் கருத்து எழுதப்பட்டிருந்தபோதிலும், 2002 அக்டோபரில் இணையத்தின் 13 ரூட் சர்வர்களும் ஒருங்கே தாக்கப்பட்ட பிறகுதான் அது பரவலாகக் கைக்கொள்ளப்பட்டது. இன்று அந்த 13 பெயர்களுக்குப் பின்னால் 1,500-க்கும் மேற்பட்ட சர்வர்கள் இருக்கின்றன.

எனிகாஸ்டுக்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை என்பதே அதன் வசதியும் தொல்லையும் ஆகும். எந்த முகவரித் தொகுதிக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று பிஜிபி என்னும் நெறிமுறையின் மூலம் அறிவித்துக்கொள்கின்றன. ஒரே தொகுதிக்கு இரண்டு அறிவிப்புகள் வந்தால், ஒரு ரவுட்டர் அவற்றைத் தன் நிறுவனத்தின் வணிக ஏற்பாடுகளுக்கும், இடையில் எத்தனை நெட்வொர்க்குகள் இருக்கின்றன என்பதற்கும் ஏற்ப ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது. அந்த இரண்டு அறிவிப்புகளும் ஒரே இடத்துக்குப் போகும் இரண்டு சாலைகளா, வெவ்வேறு இரண்டு இடங்களுக்குப் போகும் சாலைகளா என்பது ரவுட்டருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. கிலோமீட்டர் கணக்கு இந்தத் தேர்வில் எங்கும் வருவதில்லை என்பதால், ‘அருகிலுள்ள சர்வர் பதிலளிக்கும்’ என்று விளம்பர ஏடுகள் சொல்வது பெரும்பாலும் உண்மையாக அமைகிறதே தவிர, அதற்கு எவரும் உத்தரவாதம் தர முடியாது.

அந்த உத்தரவாதம் இல்லாததன் விளைவு 2010 மார்ச் மாத இறுதியில் சிலியில் வெளிப்பட்டது. ரூட் சர்வர்களில் ‘ஐ’ என்னும் எழுத்தைத் தாங்கியதை ஸ்வீடனைச் சேர்ந்த நெட்நாட் அமைப்பு நடத்துகிறது, 192.36.148.17 என்ற அதன் முகவரி அப்போதே பல நகரங்களிலிருந்து அறிவிக்கப்பட்டு வந்தது, அவற்றுள் பெய்ஜிங்கும் ஒன்று. சிலியின் தேசியப் பெயர்ப் பதிவகத்தில் பணிபுரிந்த பொறியாளர் ஒருவர், இந்த முகவரிக்கு ஃபேஸ்புக், டுவிட்டர், யூடியூப் ஆகிய தளங்களின் பெயர்களை அனுப்பிக் கேட்டால் போலியான பதில்கள் வருவதைக் கண்டு தெரிவித்தார். அது போலி என்பதை அவர் கண்டுகொண்டதற்குக் காரணம் பதிலின் உள்ளடக்கத்தைவிட அதன் வடிவமே. ஒரு தளத்தின் முகவரி என்ன என்று ரூட் சர்வரைக் கேட்டால் அது ஒருபோதும் முகவரியைச் சொல்லாது. ‘டாட் காம் பெயர்களைக் கவனிப்பவர்கள் இவர்கள், அவர்களிடம் போய்க் கேள்’ என்று கைகாட்டி விடுவதோடு அதன் வேலை முடிந்தது. கைகாட்ட வேண்டிய இடத்தில் நேரடியாக ஒரு முகவரி வந்து நின்றது.

கேள்வி பெய்ஜிங் வழியாகப் போனதும், சீன நெட்வொர்க்கின் தணிக்கைக் கருவிகளின் கண்ணில் பட்டதும்தான் நடந்தவை. அந்தக் கருவிகள் கேள்வியைத் தடுத்து நிறுத்துவதில்லை. கடந்து போகும் கேள்வியில் தடைப்பட்டியலிலுள்ள பெயர் இருந்தால், கேட்கப்பட்ட சர்வரே பேசுவது போல அனுப்புநர் முகவரியைப் போலியாக இட்டு ஒரு பதிலை உடனே அனுப்பிவிடுகின்றன. உண்மையான பதில் சற்றுப் பிந்தி வந்து சேரும்போது, முதலில் வந்ததை ஏற்றுக்கொண்டுவிட்ட கணினி அதைப் பொருட்படுத்துவதில்லை. நெட்நாட் அமைப்பின் பெய்ஜிங் சர்வர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை, அதிலிருந்த தரவும் சரியாகவே இருந்தது. சர்வருக்குப் போகும் சாலைதான் பொய் சொன்னது. சீனாவுக்குள் இருப்பவர்களுக்கென வைக்கப்பட்ட தடை, பசிபிக் பெருங்கடலின் மறுகரையில் இருந்த ஒருவருக்கு, அவர் அறியாமலேயே விதிக்கப்பட்டுவிட்டது.

கண்காணிப்பின் கோணத்திலிருந்து பார்த்தால் இந்த நிகழ்வு இன்னும் சங்கடமானது. ஸ்டாக்ஹோமில் அமர்ந்துகொண்டு 192.36.148.17 நலமாக இருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் கருவிக்கு ஸ்டாக்ஹோமுக்கு வழிவிடப்பட்ட சர்வர்தான் பதில் சொல்லும். பெய்ஜிங் கிளை பழுதானாலும், அதன் வழியில் பொய் புகுந்தாலும் அந்தக் கருவிக்குத் தெரிய வழியில்லை. ஒரு முகவரிக்கு ஒரு காவலர் போதும் என்ற பழைய கணக்கு இங்கே பொருந்தாது, ஏனெனில் ஒவ்வொரு கிளைக்கும் அதற்கு வழிவிடப்பட்ட நெட்வொர்க்குகளின் ஓர் ஆளுகைப் பரப்பு இருக்கிறது, அந்தப் பரப்புக்குள் நின்று கேட்டால்தான் அந்தக் கிளையைப் பார்க்க முடியும். ஐரோப்பிய முகவரிப் பதிவகமான ரைப் என்சிசி 2010-இன் இறுதியில் தொடங்கிய அட்லஸ் திட்டம், தன்னார்வலர்களின் வீடுகளிலும் அலுவலகங்களிலும் சிறு அளவைப் பெட்டிகளை வைத்து, இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து இப்படிக் கேட்க வழிசெய்கிறது.

தனக்குப் பதில் சொல்வது எந்தக் கிளை என்பதை ஒருவர் தன் கணினியிலிருந்தே கேட்டறியலாம். ரூட் சர்வர்கள் தம் அடையாளத்தைச் சொல்வதற்கென ஒரு சிறப்புக் கேள்வியை ஏற்கின்றன:

```
dig @192.36.148.17 hostname.bind CH TXT +short
```

வரும் பதிலில் கிளையின் குறியீடு இருக்கும். இரண்டாவது சான்று காலம். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி வினாடியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்லும் என்பதால், போய்த் திரும்பும் ஒவ்வொரு மில்லி வினாடிக்கும் சர்வர் 100 கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் இருக்க முடியாது. சிலியின் தலைநகர் சாந்தியாகோவுக்கும் பெய்ஜிங்குக்கும் இடையே சுமார் 19,000 கிலோமீட்டர் இருப்பதால், அங்கிருந்து வரும் பதிலுக்கு 190 மில்லி வினாடியாவது ஆகியே தீரும். 10 மில்லி வினாடியில் பதில் வந்தால் அது பெய்ஜிங்கிலிருந்து வரவில்லை என்று அடித்துச் சொல்லலாம். ஆனால் தாமதமாக வந்தது தொலைவிலிருந்துதான் வந்தது என்று மறுதலையாகச் சொல்ல இயலாது, சுற்றுவழியும் நெரிசலும் அருகிலிருப்பதையும் தாமதப்படுத்தும்.

2010-ஆம் ஆண்டின் நிகழ்வில் இந்தச் சோதனைகளைத் தனித்து நம்பியிருந்தால் ஏமாற்றமே மிஞ்சியிருக்கும். அடையாளக் கேள்வியில் தடைசெய்யப்பட்ட பெயர் எதுவும் இல்லாததால் தணிக்கைக் கருவி அதைக் கண்டுகொள்ளாது. நேர்மையான சர்வர் நேர்மையாகத் தன் பெயரைச் சொல்லும், காலமும் தொலைவுக்குப் பொருந்தும், இருந்தும் ஃபேஸ்புக் பற்றிய பதில் போலியாகவே இருக்கும். பதிலளிப்பவர் யார் என்பதும், அவர் சொன்னது மாறாமல் வந்து சேர்ந்ததா என்பதும் வெவ்வேறு கேள்விகள்.

நெட்நாட் பெய்ஜிங்கிலிருந்து செய்துவந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. இன்னொரு தீர்வு பின்னர் வந்தது. பெயர்களைத் தேடித் தரும் ரிசால்வர் என்னும் சர்வர்கள் அக்காலத்தில் முழுப் பெயரையும் ரூட் சர்வருக்கு அனுப்பின. ‘காம்’ என்ற கடைசிப் பகுதியை மட்டும் அனுப்பினாலே ரூட் சர்வருக்குப் போதும், வழியிலுள்ள தணிக்கைக் கருவிக்கும் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் கிடைக்காது. 2016-இல் தரநிலை ஆவணமாக வந்த இந்த எளிய சிக்கனத்தை எல்லா ரிசால்வர்களும் உடனே கைக்கொள்ளவில்லை. ‘கே’ ரூட் சர்வரின் குவாங்சோ கிளை சீனாவுக்குள் மட்டுமே தெரிய வேண்டிய உள்ளூர்க் கிளையாக இருக்க, அதன் அறிவிப்பு 2021-இல் வெளியே கசிந்தபோது, மெக்சிகோவில் வாட்ஸ்அப் பெயருக்கு அதே வகைப் போலிப் பதில்கள் வந்தன.

துருக்கியில் 2014-இல் நடந்தது இதன் தலைகீழ். மார்ச் 30 உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்னதாக அங்கே டுவிட்டர் தடைசெய்யப்பட்டது. அந்தத் தடை முதலில் உள்ளூர் ரிசால்வர்களில் பெயரை மறைப்பதாக மட்டும் இருந்ததால், கூகுளின் பொது ரிசால்வரான 8.8.8.8 என்ற எண்ணைக் கணினியில் இட்டுக்கொண்டால் அதைக் கடந்துவிடலாம் என்ற செய்தி பரவி, அந்த எண் நகரச் சுவர்களில்கூட எழுதப்பட்டது. 8.8.8.8 ஓர் எனிகாஸ்ட் முகவரி. துருக்கி நிறுவனங்கள் தங்கள் நெட்வொர்க்குக்குள் அந்த முகவரிக்கான வழியைத் தாங்களே அறிவித்து, தங்கள் சர்வர்களுக்குத் திருப்பிக்கொண்டன. கூகுள் அறிவிப்பது 256 முகவரிகள் கொண்ட தொகுதியை. இவர்கள் அறிவித்தது அந்த ஒற்றை முகவரியை. குறுகலான அறிவிப்பே வெல்லும் என்பது ரவுட்டர்களின் மாறா விதி. பெரும்பாலான துருக்கி நிறுவனங்கள் தன் ரிசால்வரை இடைமறிப்பதாக மார்ச் 29 அன்று கூகுளே உறுதிசெய்தது.

எல்லாம் உள்ளுக்குள்ளேயே நடந்ததால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே இருப்பவருக்கோ 8.8.8.8 முன்பைவிட விரைவாகப் பதில் சொல்லத் தொடங்கியது. ஒரு முகவரிக்கு ஓர் இடம்தான் என்றிருந்தால் இந்தத் திடீர் வேகம் ஐயத்தைக் கிளப்பியிருக்கும். எனிகாஸ்டிலோ கூகுள் இஸ்தான்புல்லில் புதிய கிளை திறந்தாலும் அளவைக் கருவியில் இதே வரைபடம்தான் தெரியும். உண்மையைப் பிரித்தறிய, ரிசால்வர் அடுத்த சர்வரிடம் போகும்போது எந்த முகவரியோடு போகிறது என்று பார்க்க வேண்டும். கேட்க வந்தவரின் முகவரியையே பதிலாகத் திருப்பித் தரும் பெயர் ஒன்றைக் கூகுள் வைத்திருக்கிறது:

```
dig @8.8.8.8 o-o.myaddr.l.google.com TXT +short
```

கூகுளுடைய முகவரிகளில் ஒன்று வர வேண்டிய இடத்தில் உள்ளூர்த் தொலைபேசி நிறுவனத்தின் முகவரி வந்தால், நடுவில் வேறொருவர் அமர்ந்திருக்கிறார் என்று பொருள். அவர் சற்றே கெட்டிக்காரராக இருந்தால் இந்தப் பதிலையும் புனைந்துவிடலாம். 2016-இல் தரப்படுத்தப்பட்ட, ரிசால்வரோடு பேசுவதைச் சான்றிதழோடு கூடிய குறியாக்கத்துக்குள் வைக்கும் முறையைப் பயன்படுத்தி, சான்றிதழையும் தவறாமல் சரிபார்த்தால் அந்த ஆள்மாறாட்டம் பலிக்காது; தடுக்க நினைப்பவர் அப்போது அந்த இணைப்பையே மறிக்க வேண்டியிருக்கும், மறித்தால் பயனாளருக்குப் போலிப் பதிலுக்குப் பதிலாகப் பிழைச்செய்தி தெரியும்.