எந்தச் சோதனை என்று எப்படித் தெரியும்?

புள்ளியியல் பாடநூலில் ஒவ்வொரு கருதுகோள் சோதனைக்கும் ஒரு தனி அத்தியாயம் இருக்கும். எந்தச் சூத்திரம் வேண்டும் என்பதை அத்தியாயத்தின் தலைப்பே சொல்லிவிடும். தலைப்பில்லாமல் எண்களை மட்டும் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? ஓர் அட்டை தயாரித்துப் பார்ப்போம்.

டப்ளின் நகரில் கின்னஸ் பீர் ஆலையில் பணியாற்றிய கோசெட் என்பவர், 'ஸ்டூடன்ட்' என்னும் புனைபெயரில் 1908-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் அவர் எடுத்தாண்ட எண்களை அட்டையின் முன்பக்கத்தில் எழுதுங்கள். பத்து நோயாளிகளுக்கு இரண்டு தூக்க மருந்துகள் தரப்பட்டன. வழக்கத்தைவிட அவர்கள் கூடுதலாகத் தூங்கிய மணிகள் வருமாறு:

முதல் மருந்து: 0.7, -1.6, -0.2, -1.2, -0.1, 3.4, 3.7, 0.8, 0, 2.0
இரண்டாம் மருந்து: 1.9, 0.8, 1.1, 0.1, -0.1, 4.4, 5.5, 1.6, 4.6, 3.4

சராசரிகள் 0.75, 2.33. இந்த 1.58 மணி வேறுபாடு தற்செயலானதா?

இப்போது பாய்வுப் படத்தில் இறங்குவோம்.

அளவீடா, எண்ணிக்கையா? எண்ணிக்கை → கை-வர்க்கச் சோதனை
↓ அளவீடு
எத்தனை தொகுதிகள்? மூன்று அல்லது மேல் → மாறுபாட்டுப் பகுப்பாய்வு
↓ இரண்டு
இரண்டிலும் அதே ஆட்களா? இல்லை → தனித்தொகுதி டி-சோதனை
↓ ஆம்
இணை டி-சோதனை

பெரும்பாலோர் சறுக்குவது மூன்றாம் கேள்வியில்தான். இரண்டு வரிசை எண்களைக் கண்டதும் தனித்தொகுதிச் சோதனைக்குப் போய்விடுகிறோம். அப்படிப் போனால் திட்டப் பிழை 0.849, டி-யின் மதிப்பு 1.58 ÷ 0.849 = 1.86. ஐந்து சதவீத அளவில் அட்டவணை எல்லை 2.10. ஆகவே வேறுபாடு உறுதியாகவில்லை என்று முடிவு செய்வோம்.

ஆனால் இங்கே இரண்டு மருந்தையும் உட்கொண்டவர்கள் அதே பத்துப் பேர். ஆறாமவரும் ஏழாமவரும் எந்த மருந்துக்கும் நன்றாகத் தூங்குகிறார்கள். நான்காமவருக்கு இரண்டுமே அதிகம் உதவவில்லை. ஆளுக்கு ஆள் உள்ள இந்த வேற்றுமை, மருந்தின் வேற்றுமையை மறைத்துவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டால் அது நீங்கிவிடும்:

1.2, 2.4, 1.3, 1.3, 0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4

இவற்றின் திட்ட விலக்கம் 1.23. அதைப் பத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப் பிழை 0.389. டி-யின் மதிப்பு 4.06, இப்போது எல்லை 2.26. அதே எண்கள்தாம், முடிவு தலைகீழாகிவிட்டது! இதனால்தான் பாய்வுப் படத்தின் விடையைக் கணக்குத் தொடங்கும் முன்பே அட்டையில் எழுதிவிட வேண்டும். இரண்டையும் போட்டுப் பார்த்துப் பிடித்ததை வைத்துக்கொள்வது சோதனையாகாது.

ஒன்பதாமவரின் 4.6 உங்கள் கண்ணில் பட்டிருக்கும். டி-சோதனை, வேறுபாடுகள் ஏறக்குறைய மணிவடிவில் பரவியிருப்பதாகக் கொள்கிறது. பத்தே எண்களில் இப்படி ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் ஐயம் வருவது நியாயமே. அப்போது குறிச் சோதனை கைகொடுக்கும். பூச்சியத்தை விட்டுவிட்டால் மீதி ஒன்பது வேறுபாடுகளும் கூட்டல் குறியுடையவை. இரு மருந்துகளும் சமமென்றால், ஒன்பதும் ஒரே பக்கம் விழ வாய்ப்பு 512-இல் 2, அதாவது 256-இல் ஒன்று. அட்டையின் பின்பக்கத்தில் இதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.