மதுக்கரை கிரைண்டர் அமெரிக்காவில் ஓடுமா?

டேபிள் டாப் கிரைண்டரைச் சாய்த்துப் பார்த்தால், ஒயர் உள்ளே போகும் இடத்தையொட்டித் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளி ஸ்டிக்கர் தெரியும். மோட்டார் பட்டறைக்காரர்கள் இதை நேம் பிளேட் என்பார்கள். வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் படித்திருக்க மாட்டார்கள். மகளோ மகனோ டல்லாஸிலோ நியூஜெர்சியிலோ குடித்தனம் வைத்த பிறகுதான் அதற்கு மவுசு வருகிறது.

மதுக்கரையில் ஒரு வீட்டில் அமெரிக்கப் பயணத்துக்குப் பெட்டி கட்டுகிறார்கள். மிக்ஸி ஒன்றும் கிரைண்டர் ஒன்றும் கொண்டுபோக ஆசை. மகள் வாட்ஸ்அப்பில் கேட்கிறாள்: “அப்பா, ரெண்டோட நேம் பிளேட்டையும் போட்டோ எடுத்து அனுப்புங்க. பாத்துட்டுச் சொல்றேன்.” அப்பாவுக்கு ஒரு சந்தேகம்: “மிக்ஸி ஓடுச்சுன்னா கிரைண்டரும் ஓடாதா கண்ணு?”

ஓடாது என்று சொல்லிவிடவும் முடியாது. ஓடும் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். கோவையில் 1955-ல் சபாபதி என்பவர் உருவாக்கிய மின் கிரைண்டர், 2005-06-ல் புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் வெட் கிரைண்டராக வளர்ந்திருக்கிறது. ஆனால் உள்ளூர் விற்பனைக்கு வரும் கிரைண்டருக்குள் இருப்பது இந்திய மின்சாரத்துக்கென்று காயில் கட்டிய மோட்டார். அது எந்த மின்சாரம் என்பது தகட்டில் இருக்கிறது.

முதலில் படம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குழவியையும் பாத்திரத்தையும் தனியே எடுத்து வைத்த பிறகே கிரைண்டரைச் சாய்க்க வேண்டும். ஸ்டிக்கரில் மாவு காய்ந்திருந்தால் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். ஸ்க்ரப்பர் போட்டால் அழுக்கோடு எழுத்தும் போய்விடும். வெள்ளிப் பரப்பில் ஃபிளாஷ் அடித்தால் நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்து, வேண்டிய எண்ணைத்தான் சரியாக மறைக்கும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, இன்னொரு போனின் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்துகள் எழும்பித் தெரியும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும் என்பதால், டாக்குமென்டாக அனுப்புவது நல்லது. அட்டைப்பெட்டியில் இருக்கும் அச்சை நம்ப வேண்டாம். பெட்டி பல மாடல்களுக்குப் பொதுவாக இருக்கலாம். சாதனத்தில் ஒட்டியிருப்பதே கணக்கு.

படத்தைப் பெரிதாக்கினால் கிரைண்டரில் இப்படி ஏதாவது இருக்கும்:

```
230V ~   50Hz   1Ø
150W     0.9A
```

மிக்ஸியில் இப்படி:

```
230V ~   50Hz   750W
5 min ON / 2 min OFF
```

V என்பது வோல்ட். அதையொட்டிய அலைக்கோடு, வீட்டு பிளக்கில் வரும் ஏசி மின்சாரத்தைக் குறிக்கிறது. 1Ø என்றால் சிங்கிள் ஃபேஸ். Hz என்பது ஹெர்ட்ஸ். அந்த ஏசி விநாடிக்கு எத்தனை முறை முழுச் சுற்று மாறிவருகிறது என்ற எண்ணிக்கை. W வாட், A ஆம்பியர். மிக்ஸியின் கடைசி வரி, ஐந்து நிமிடம் ஓட்டினால் இரண்டு நிமிடம் ஆறவிடச் சொல்கிறது.

மங்கலான படத்தில் 5 எது, 6 எது, புள்ளி எங்கே என்ற குழப்பம் வரும். நல்லவேளையாக இந்த எண்கள் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வருவதைவிட வாட் அதிகமாக இருக்கவே முடியாது. கிரைண்டரில் 230 பெருக்கல் 0.9 என்றால் 207. அதற்குக் கீழே 150 வாட் என்பது பொருந்துகிறது. ஆம்பியரை 0.5 என்று படித்திருந்தால் 115-தான் வரும், ஆகவே படித்தது தப்பு. புள்ளி தெரியாமல் 9 என்று படித்திருந்தால் 2070 வரும். 150 வாட் மோட்டாருக்கு அது ஒட்டவே ஒட்டாது. 207-க்கும் 150-க்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஏன் என்று கேட்கலாம். இந்த வகை மோட்டார், தன் இரும்பைக் காந்தமாக வைத்திருக்கவும் கொஞ்சம் கரன்ட்டை வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். அது வாட் கணக்கில் சேராது. ஆனால் ஒயரும் டிரான்ஸ்ஃபார்மரும் அதையும் சுமந்தாக வேண்டும். அதனால்தான் டிரான்ஸ்ஃபார்மரின் அளவை வாட்டில் சொல்லாமல் விஏ என்று சொல்கிறார்கள்.

ஹெர்ட்ஸுக்கு மட்டும் இப்படிச் சரிபார்க்கும் கணக்கு கிடையாது. 50-ஆ 60-ஆ என்பதைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும். நம் கதையின் முடிச்சும் அங்கேதான் இருக்கிறது.

இந்தியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் சமையலறை பிளக்கில் வருவது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்ட் குறைவுதானே, மெதுவாக ஓடிவிட்டுப் போகட்டும் என்று பின்னை மட்டும் மாற்றும் அடாப்டரில் செருகினால் என்ன ஆகும்? மிக்ஸி நோஞ்சானாகச் சுற்றும். கெட்டிச் சட்னியில் சிக்கி நிற்கும். கிரைண்டரில் நடப்பது இன்னும் மோசம். அந்த மோட்டாரின் இழுவை வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 120-ஐ 230-ஆல் வகுத்து வர்க்கமாக்கினால் கால் பங்குக்குச் சற்று மேல். ஊறிய உளுந்தோடு கல்லைக் கிளப்ப அது போதாது. மோட்டார் ம்ம்ம் என்று உறுமிக்கொண்டு அசையாமல் நிற்கும். நின்ற நிலையில் அது, ஓடும்போது எடுப்பதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கரன்ட் இழுக்கும். ஆற்றுவதற்கு ஃபேனும் சுற்றாது. சில விநாடியில் அணைக்காவிட்டால் வார்னிஷ் கருகும் வாடை வரும், அப்புறம் காயில் கட்டத்தான் கொடுக்க வேண்டும். லோ வோல்டேஜில் கிணற்று மோட்டார் எரிவதைப் பார்த்த கொங்கு விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அப்படியானால் 120-ஐ 230 ஆக்கும் ஸ்டெப் அப் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கினால் சரியாகிவிடாதா? கடைக்காரரும் அதைத்தான் சொல்வார். வோல்ட் சரியாகும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரில் 60 ஹெர்ட்ஸ் நுழைந்தால் 60 ஹெர்ட்ஸ்தான் வெளியே வரும். ஹெர்ட்ஸை அது தொடுவதே இல்லை.

மிக்ஸிக்கு அதைப்பற்றிக் கவலை இல்லை. அதில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார். ஓடும்போது அடியிலுள்ள ஓட்டை வழியாகப் பார்த்தால் நீலப் பொறி தெரியும். காதைத் துளைக்கும் சத்தமும் அதன் அடையாளம். இதன் வேகத்தை வோல்ட்டும் சுமையும் தீர்மானிக்கின்றன. ஹெர்ட்ஸ் 50 ஆனாலும் 60 ஆனாலும் அதற்கு ஒன்றுதான்.

கிரைண்டரில் இருப்பது கெபாசிட்டர் வைத்த இண்டக்‌ஷன் மோட்டார். பொறி இல்லை, கூச்சல் இல்லை. இதன் வேகத்துக்குக் கடிவாளம் போடுவதே ஹெர்ட்ஸ்தான். நான்கு துருவ மோட்டார் என்றால் 50 ஹெர்ட்ஸில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும். மோட்டார் சற்றுப் பின்தங்கி 1400-க்கு மேல் ஓடும். 60 ஹெர்ட்ஸில் புலம் 1800 ஆகிவிடும். கல்லும் அதே விகிதத்தில், ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றும். மாவு சூடாகும், விளிம்பில் தெறிக்கும். வேகம் கூடுவதால் வேலை கூடுகிறது. ஹெர்ட்ஸ் கூடுவதால் மோட்டாரின் காந்தம் இளைத்து இழுவை குறைகிறது. கெபாசிட்டர் வழியாக ஓடும் கரன்ட்டும் ஏறுகிறது. அன்றைக்கே எரிந்துவிடாது. இரண்டு வாரம் நன்றாக அரைத்துவிட்டு, விருந்தாளி வரும் நாளில் முழு அளவு உளுந்து போட்டதும் மல்லுக்கு நிற்கும்.

இந்த வித்தியாசத்தைத் தனியாகப் பார்க்க சவூதி அரேபியா நல்ல இடம். அங்கே இப்போது 230 வோல்ட், ஆனால் 60 ஹெர்ட்ஸ். (பழைய கட்டடங்களில் 127 வோல்ட் பிளக்கும் உண்டு, செருகுமுன் கேட்டுக்கொள்ள வேண்டும்.) கோவை மிக்ஸி அங்கே பின் மாற்றினாலே ஓடும். கோவை கிரைண்டர் வேகம் தப்பி ஓடும். துபாய், சிங்கப்பூர், கொழும்பு எல்லாம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் இரண்டுமே நிம்மதியாக ஓடும்.

மதுக்கரை அப்பாவுக்கு மகள் சொல்லவேண்டிய பதில் இப்போது தெளிவு. மிக்ஸி வரலாம், ஆனால் 750 வாட்டுக்கு 750 விஏ டிரான்ஸ்ஃபார்மர் வாங்கக் கூடாது. கிளம்பும்போதும் கெட்டியாக அரைக்கும்போதும் அது எழுதியதைத் தாண்டி இழுக்கும். 1500 விஏ வேண்டும். 120 வோல்ட் பக்கம் ஏறத்தாழ 7 ஆம்பியர் போகும், அமெரிக்கச் சமையலறை லைன் அதைத் தாங்கும். அந்த அளவு டிரான்ஸ்ஃபார்மர் இரும்பும் செம்புமாகப் பல கிலோ கனக்கும். உள்ளங்கையில் அடங்கும் பெட்டியில் ‘2000 வாட் கன்வெர்ட்டர்’ என்று எழுதியிருந்தால், அது பெரும்பாலும் மின்அலையை வெட்டிக் கொடுக்கும் சாதனம். இஸ்திரிப்பெட்டி போன்ற சூடாக்கும் பொருளுக்கு மட்டுமே ஆகும், மோட்டாருக்கு ஆகாது.

கிரைண்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு, கோவையில் தயாராகி 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று தகடு ஒட்டி ஏற்றுமதியாகும் மாடலை அங்கே வாங்கலாம். பத்துப் பன்னிரண்டு கிலோ பெட்டி எடையும் மிச்சம். அமெரிக்காவில் 110, 115, 120 என்று எது எழுதியிருந்தாலும் ஒரே லைனைத்தான் சொல்கிறார்கள். ஜப்பானின் 100 வோல்ட் வேறு.

லேப்டாப், போன் சார்ஜர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் இப்படி இருக்கும்:

```
INPUT: 100-240V ~ 50/60Hz
```

பார்க்க வேண்டியது இன்புட் வரியை. அவுட்புட் வரியிலுள்ள 19 வோல்ட்டைப் பார்த்து மிரள வேண்டாம். 100-க்கும் 240-க்கும் நடுவே சிறு கோடு இருந்தால், இடையில் எந்த வோல்ட் வந்தாலும் தானே சமாளிக்கும். `115/230V` என்று சாய்கோடு இருந்தால் சமாச்சாரம் வேறு: எங்கோ ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதை நாம்தான் மாற்ற வேண்டும். ஹெர்ட்ஸில் வரும் சாய்கோட்டுக்கு அந்தப் பயம் இல்லை. இரண்டுமே ஒத்துக்கொள்ளும் என்று அர்த்தம். மங்கிய படத்தில் சிறு கோடும் சாய்கோடும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால், அந்த இடத்தை மட்டும் நெருங்கி இன்னொரு படம் கேட்டு வாங்குவதில் வெட்கமில்லை.

திரும்பி வருகிறவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல். 120 வோல்ட், 1500 வாட் ஹேர் டிரையரை நம் 230-ல் செருகினால் அது 5500 வாட் இழுக்கப் பார்க்கும், நொடியில் முடிந்துவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு 120 கொடுத்தாலும், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த பழைய வகை மைக்ரோவேவின் டிரான்ஸ்ஃபார்மரும் ஃபிரிஜ்ஜின் மோட்டாரும் 50 ஹெர்ட்ஸில் காந்தம் நிரம்பி வழிந்து கொதிக்கும். ஹெர்ட்ஸை எண்ணி நேரம் காட்டும் கடிகாரம் அந்த மைக்ரோவேவில் இருந்தால், மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும்.