சொற்பட்டியலிலிருந்து சொல்லட்டைக்கு

நுழையும்முன்

மொழிப்பாட நூல்கள் ஒவ்வொரு பாடத்தின் முன்னும் சொற்பட்டியல் ஒன்றைத் தருகின்றன. பட்டியலைப் படித்தவர் பலர். அச்சொற்களைப் பேச்சில் எடுத்தாளக் கற்றவர் சிலர். இடையிலுள்ள தொலைவைக் குறைக்கும் கருவிகளுள் ஒன்று சொல்லட்டை. சப்பானிய மொழி கற்கும் தமிழ் மாணவர் ஒருவர் அதனை எவ்வாறு உருவாக்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

களமும் தேவையும்

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு செல்லும் மின்தொடர்வண்டிப் பாதையில் அமைந்த ஊர் சிங்கப்பெருமாள் கோயில். அங்கிருந்து மேற்கே பிரியும் சாலை ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூரை அடைகிறது. ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ரெனோ-நிசான் மகிழுந்து ஆலை முதலாகச் சப்பானியத் தொடர்புடைய தொழிற்சாலைகள் பல இவ்வட்டாரத்தில் உள்ளன. ஆகவே, சப்பானியம் இங்கே ஏட்டளவில் நின்றுவிடாமல் வேலைவாய்ப்போடு தொடர்புடைய மொழியாகவும் விளங்குகிறது.

சப்பானிய மொழித்திறன் தேர்வு ஐந்து நிலைகளைக் கொண்டது. அடிநிலைக்கு ஏறத்தாழ 800 சொற்கள் தேவைப்படும் என்று ஆசிரியர்கள் கணிப்பர். ஆனால், 2010இல் தேர்வு திருத்தியமைக்கப்பட்ட பின்னர் அதிகாரபூர்வமான சொற்பட்டியல் வெளியிடப்படுவதில்லை. எனவே, தம் பாடநூலின் பட்டியலையே மாணவர் தமக்கேற்ப மாற்றியமைத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

இனமா, களமா?

சொற்களைப் பொருள்வழித் தொகுப்பது தமிழருக்குப் புதிதன்று. திவாகர நிகண்டு தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர் எனச் சொற்களைத் தொகுதி தொகுதியாக வகுத்துள்ளது. ஓரினச் சொற்கள் ஓரிடத்தில் நிற்பது மொழியை முன்பே அறிந்தவருக்குப் பெரிதும் பயன்படும். வேண்டிய சொல்லை அவர் விரைந்து கண்டெடுக்கலாம். சூடாமணி நிகண்டைத் திண்ணைப் பள்ளி மாணவர் மனப்பாடம் செய்தபோதும், அவர்கள் தம் தாய்மொழிச் சொற்களையே பெருக்கிக்கொண்டனர்.

புதுமொழி கற்பவரின் நிலை வேறு. வலம், இடம் என்னும் பொருளுடைய 'மிகி³', 'ஹித³ரி' ஆகிய சொற்களை ஒரே நாளில் கற்பவர், இரண்டும் திசைச்சொற்கள் என்பதை நினைவிற்கொள்வார். எது வலம், எது இடம் என்பதில் தடுமாறுவார். தாமஸ் டிங்கம் என்னும் ஆய்வாளர் 1993, 1997ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இதனை எடுத்துக்காட்டின. ஓரினச் சொற்களை ஒருங்கே கற்பது கற்றலைத் தாமதப்படுத்துகிறது. ஒரே நிகழ்ச்சியில் இடம்பெறும் வெவ்வேறு வகைச் சொற்களை ஒருங்கே கற்பது துணைசெய்கிறது என்பது அவற்றின் முடிவு.

ஆகவே, அட்டைகளை இனத்தால் தொகுக்காமல் களத்தால் தொகுத்தல் வேண்டும். பாடநூற் பட்டியலில் 'நிலையம், சாவி, பயணச்சீட்டு, பொறி, தொடர்வண்டி, கையுறை, ஏறு, இறங்கு, நில், நிறுத்து' என்னும் சொற்கள் கலந்து கிடக்கின்றன எனக் கொள்வோம். அவற்றை இரு களங்களாகப் பிரிக்கலாம். சிங்கப்பெருமாள் கோயில் தொடர்வண்டி நிலையத்தை முதற்களமாகக் கொண்டால் நிலையம், பயணச்சீட்டு, தொடர்வண்டி, ஏறு, இறங்கு என்பன அங்கே சேரும். ஆலையின் பணிக்கூடத்தை இரண்டாம் களமாகக் கொண்டால் பொறி, கையுறை, சாவி, நில், நிறுத்து என்பன அதிலடங்கும். பெயரும் வினையும் ஒரே காட்சியில் கலந்து நிற்பதால் ஒன்று மற்றொன்றை நினைவூட்டும்.

இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. 'ஏறுகிறேன்' என்பதற்கு 'நொரிமஸு' என்றும், 'இறங்குகிறேன்' என்பதற்கு 'ஒரிமஸு' என்றும் வரும். பொருளால் எதிராகவும் ஒலியால் நெருங்கியும் நிற்கும் இவ்விரண்டையும் ஒரே நாளில் எடுத்துக்கொள்ளலாகாது. முன்னது உறுதிப்பட்டுச் சில நாள் கழிந்த பின்னரே பின்னதற்கு அட்டை எழுதுதல் வேண்டும்.

எடுத்துக்காட்டுத் தொடர்

அட்டையில் சொல்லும் பொருளும் மட்டும் இருந்தால் சொல் தனித்து நிற்கும். அதனை எவ்வாறு தொடுப்பது என்பது விளங்காது. சப்பானியத்திலும் தமிழைப் போலவே வினை தொடரின் இறுதியில் வருகிறது. வேற்றுமைப் பொருளை உணர்த்தும் இடைச்சொல் பெயருக்குப் பின்னே நிற்கிறது. இவ்வொற்றுமை தமிழருக்குப் பேருதவி. எனினும், எல்லா இடத்தும் வேற்றுமைகள் ஒத்துவருவதில்லை.

'தெ³ன்ஷ நி நொரிமஸு' என்பதன் பொருள் 'தொடர்வண்டியில் ஏறுகிறேன்' என்பது. 'நி' என்னும் இடைச்சொல் நம் ஏழாம் வேற்றுமையோடு பொருந்துகிறது. 'தொடர்வண்டியிலிருந்து இறங்குகிறேன்' என்பதற்கோ 'தெ³ன்ஷ ஒ ஒரிமஸு' என்பர். இங்கு வரும் 'ஒ' பெரும்பாலும் நம் இரண்டாம் வேற்றுமைப் பணியைச் செய்வது. 'தொடர்வண்டியை இறங்குகிறேன்' என்று நாம் கூறுவதில்லை. வினையை மட்டும் கற்றவர் இவ்விடத்தில் தவறுவார். தொடரோடு கற்றவர் தவறமாட்டார்.

பணிக்கூடத்துச் சொற்களில் தன்வினையும் பிறவினையும் தெளிவாகப் பிரிகின்றன. 'கிகஇ க³ தொமரிமஸு' என்றால் 'பொறி நிற்கிறது'. 'கிகஇ ஒ தொமெமஸு' என்றால் 'பொறியை நிறுத்துகிறேன்'. பொறி தானே நின்றதா, ஒருவர் நிறுத்தினாரா என்பது ஆலையில் முதன்மையான வினா. அதற்குரிய விடை, வினையின் வடிவிலும் அதற்கு முன்வரும் இடைச்சொல்லிலும் அடங்கியுள்ளது.

எடுத்துக்காட்டுத் தொடரில் புதுச்சொல் ஒன்றே இருத்தல் வேண்டும். 'நிலையம்' என்பதைக் குறிக்கும் 'எகி' என்னும் சொல்லுக்கு, முன்பே கற்ற வினாத்தொடரில் அமைத்து, 'எகி வ தொ³கொ தெ³ஸு க' (நிலையம் எங்கே இருக்கிறது?) என எழுதலாம். 'எகி'யும் பழகிய பின்னர், 'எகி தெ³ கிப்பு ஒ கஇமஸு' (நிலையத்தில் பயணச்சீட்டு வாங்குகிறேன்) என்பது 'கிப்பு' என்னும் அடுத்த சொல்லுக்கு உரிய தொடராகும்.

ஒலிப்புக் குறிப்பு

சப்பானிய ஒலிகளைத் தமிழெழுத்தில் குறிப்பதில் வசதியும் இடரும் ஒருங்கே உள்ளன. குறில் நெடில் வேறுபாடும், ஒற்று இரட்டித்தலும் இரு மொழிக்கும் பொது. 'கிதெ' என்பது 'வந்து'. 'கித்தெ' என்பது 'அஞ்சல்தலை'. 'கீதெ' என்பது 'கேட்டு'. இம்மூன்றையும் பிறமொழியினர் பிரித்தறிய இடர்ப்படுவர்; தமிழ் மாணவருக்கு இவை இயல்பாகவே பிரிந்து ஒலிக்கும். எகர ஒகரக் குறில்கள் நம் எழுத்தில் இருப்பதும் உதவியே.

இடர் வல்லின எழுத்துகளில் தோன்றுகிறது. தமிழில் ககரம் சொல்லின் முதலில் வன்மையாகவும், உயிர்களுக்கிடையே மென்மையாகவும் ஒலிக்கும். ஓரெழுத்தே இரண்டுக்கும் போதும். ஏனெனில், ஒலிவேறுபாட்டால் பொருள் மாறுவதில்லை. சப்பானியத்தில் பொருள் மாறும். 'சாவி'யைக் குறிக்கும் சொல்லில் இடைநிற்கும் ககரம் மென்மையானது. பெர்சிமன் என்னும் பழத்தைக் குறிக்கும் சொல்லில் அது வன்மையானது. இரண்டையும் 'ககி' என்றே எழுதினால் சாவி கேட்டவருக்குப் பழம் கிடைக்கும். வன்மையைக் காட்ட 'கக்கி' என்று இரட்டித்தாலோ, அது சுறுசுறுப்பு என்னும் பொருளுடைய மூன்றாவது சொல்லாகிவிடும்.

இதற்குரிய தீர்வு நம் அச்சு மரபிலேயே உள்ளது. வடமொழித் தோத்திரங்களைத் தமிழெழுத்தில் அச்சிடுவோர், ககரத்தின்மேல் எண்களை இட்டு நால்வகை ஒலிகளைப் பிரித்துக் காட்டுவர். அவற்றுள் மூன்றாம் எண் மெல்லொலியைக் குறிக்கும். அம்முறையைப் பின்பற்றி எண் பெறாத க, த, ப ஆகியவற்றை எங்கும் வன்மையாகவும், எண் பெற்றவற்றை மென்மையாகவும் ஒலிப்பதெனக் கொள்ளலாம். இக்கட்டுரையில் மூன்றாம் எண் பெற்றுள்ள எழுத்துகள் யாவும் இம்முறையில் அமைந்தவையே. எனவே 'ககி³' சாவி, 'ககி' பழம்.

கையுறையைக் குறிக்கும் 'தெபு³குரொ' என்னும் சொல்லில் இதன் பயன் மேலும் விளங்கும். 'தெ' என்றால் கை; 'ஃபுகுரொ' என்றால் பை. இரண்டும் சேரும்போது வருமொழியின் முதலெழுத்து மெல்லொலி பெறுகிறது. புணர்ச்சியில் எழுத்துத் திரிதலை அறிந்த தமிழ் மாணவருக்கு இம்மாற்றம் வியப்பளிக்காது.

உகரத்திற்கும் ஒரு குறிப்பு வேண்டும். சப்பானிய உகரத்தை இதழைக் குவித்து ஒலிப்பதில்லை. 'நாடு', 'பாக்கு' என்னும் சொற்களின் ஈற்றிலுள்ள குற்றியலுகரத்தோடு அது நெருங்கியது. 'தெ³ஸு', 'நொரிமஸு' ஆகியவற்றின் ஈற்று உகரம் ஏறக்குறையக் கேட்காத அளவிற்குத் தேய்ந்து ஒலிக்கும்.

எழுத்துக் குறிப்பால் காட்ட இயலாத ஒன்றும் உண்டு. 'ஹஷி' என்பதில் முதலசையை உயர்த்தி ஒலித்தால் உணவுக்குச்சி. இரண்டாம் அசையை உயர்த்தினால் பாலம். இவ்வேறுபாட்டை ஒலிப்பதிவைக் கேட்டே பழகுதல் வேண்டும். மேலும், சப்பானிய எழுத்துகள் கண்ணுக்குப் பழகியவுடன் தமிழ்க்குறிப்பை அட்டையின் பின்புறத்திற்கு மாற்றிவிட வேண்டும். முன்புறத்திலேயே அது நீடித்தால் கண் தமிழை மட்டுமே படிக்கும்.

அட்டையும் பெட்டியும்

அட்டையின் முன்புறத்தில் சப்பானிய எழுத்தில் சொல்லும் தொடரும் இருக்கட்டும். பின்புறத்தில் தமிழ்ப்பொருள், ஒலிப்புக் குறிப்பு, களத்தின் பெயர் ஆகியவற்றை எழுதுக. பொருளை உணர்ந்துகொள்ளுதல் ஒரு திறன். சொல்லைத் தானே எடுத்துரைத்தல் வேறு திறன். ஆதலால், சில நாள்களுக்குப் பின் தமிழ்ப்பொருளைப் பார்த்துச் சப்பானியச் சொல்லைக் கூறும் பயிற்சியும் வேண்டும்.

செருமானிய எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஐந்து அறைகள் கொண்ட பெட்டிமுறையை விளக்கினார். புதிய அட்டைகள் முதலறையில் தொடங்கும். சரியாகக் கூறிய அட்டை அடுத்த அறைக்கு முன்னேறும். தவறிய அட்டை எந்த அறையில் இருந்தாலும் முதலறைக்கே திரும்பும். முதலறையை நாள்தோறும் பார்க்க வேண்டும். பின்னுள்ள அறைகளை மேன்மேலும் நீண்ட இடைவெளியில் பார்த்தால் போதும். இதனால் கடினமான சொற்களுக்கு மிகுதியான உழைப்பும் எளியவற்றிற்குக் குறைந்த உழைப்பும் இயல்பாகவே அமைகின்றன.

களவாரியாகக் கற்ற அட்டைகளை இரண்டாம் அறை முதல் கலைத்துவிடுதல் நலம். அடுக்கு மாறாதிருந்தால் முந்தைய அட்டையே விடையைச் சொல்லிவிடும். சிலர் அட்டையின் கறையையோ தொடரின் நீளத்தையோ கண்டு விடை கூறுவதும் உண்டு. சொல்லை உண்மையாகவே அறிந்தோமா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உள்ளது: அச்சொல்லைப் பிறிதொரு தொடரில் அமைத்துப் பார்ப்பது. 'தெ³ன்ஷ'வில் ஏறக் கற்றவர் பேருந்தைக் குறிக்கும் 'ப³ஸு' என்னும் சொல்லைக் கண்டவுடன், 'ப³ஸு நி நொரிமஸு' என்று தாமே கூறுவாராயின், 'நொரிமஸு' அவர் உடைமையாயிற்று. கூற இயலாதாயின், அவ்வட்டை முதலறைக்குத் திரும்பட்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஆங்கிலப் பாடநூலின் சொற்பட்டியல் ஒன்றிலிருந்து பத்துச் சொற்களைத் தெரிந்தெடுத்து, உங்கள் ஊரிலுள்ள இரு களங்களுக்குள் பிரித்து எழுதுக. ஒரே நாளில் கற்கக்கூடாத இணைகளைச் சுட்டிக்காட்டுக.

2. தமிழ் கற்கும் சப்பானிய மாணவர் ஒருவருக்காக 'நிற்கிறது', 'நிறுத்துகிறது' ஆகிய சொற்களுக்கு எடுத்துக்காட்டுத் தொடருடன் சொல்லட்டைகள் உருவாக்குக.

3. ககரம், தகரம், பகரம் ஆகியன தமிழ்ச்சொற்களில் வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிக்கும் இடங்களைத் தொகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.