உபரி ஐந்து லட்சம், கையில் எவ்வளவு?

கோயில் அறக்கட்டளையின் பொதுக்குழுவில் பொருளாளர் எழுந்து, “வரவு 18 லட்சம், செலவு 13 லட்சம், உபரி 5 லட்சம்” என்று வாசித்தால் கைதட்டல் எழும். உடனே ஒருவர், “அப்போ மண்டபத்துக்கு டைல்ஸ் போட்டுடலாமே?” என்பார்.

இதை ஒரு மாதிரிக் கணக்காக வைத்துக்கொள்வோம். அந்த 5 லட்சத்தில் 4 லட்சம் கும்பாபிஷேகத்துக்கென்றே ரசீது போட்டு வாங்கியது. வேறு வேலைக்குத் தொடக்கூடாது. இன்னொரு 60,000 அன்னதானக் கட்டளை. முதலை வங்கி வைப்பில் போட்டு, வட்டியில்தான் சோறு போட வேண்டும். மிச்சம் 40,000.

அதுவும் நிஜமாக மிச்சமா? கணக்கு மார்ச் 31-ல் முடிகிறது. மார்ச் கடைசியில் வந்த பங்குனி உத்திரத்துக்குப் பூக்காரர், பந்தல்காரர் பில் 55,000 ஏப்ரலில்தான் கொடுக்கப்பட்டது. ரொக்க வரவு செலவுக் கணக்கில் அது தலைகாட்டாது. சேர்த்துப் பார்த்தால் 15,000 பற்றாக்குறை!

பொருளாளர் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொன்னார். நல்ல அறிக்கையில் குறிப்பிட்ட காரியத்துக்கு வந்த நிதி தனிப் பத்தியிலும், கொடுக்கவேண்டிய பாக்கி தனிப் பட்டியலிலும் இருக்கும். இல்லையென்றால் உறுப்பினர் கேட்கவேண்டியது இரண்டுதான்: கும்பாபிஷேகப் பணம் எந்த வைப்பில் இருக்கிறது? மார்ச் 31-ல் யாருக்கெல்லாம் பாக்கி?